விட்டுப்போன BP நோயாளிகளுக்கு ஃபோன் பண்ற பைலட்: 6 மாசத் திட்டமும், எல்லா க்ளினிக்குக்கும் கொண்டு போறதா இல்லையான்னு முடிவு பண்ற தேதியும்

டைரக்டர் மேடம், நர்சிங் ஹெட், அக்கவுண்ட்ஸ் சார், எட்டு க்ளினிக் இன்சார்ஜ் எல்லாருக்கும் வணக்கம். போன மீட்டிங்ல பேசினத முழுசா எழுதித் தரச் சொன்னீங்க, இதோ.

பிரச்சனை நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். BP இருக்குன்னு சொன்னதும் முதல் மாசம் ஒழுங்கா வர்றாங்க, மாத்திரை போட்டதும் ரீடிங் இறங்குது, உடம்புலயும் ஒண்ணும் தெரியல, சரியாயிடுச்சுன்னு நெனச்சு நிறுத்திடறாங்க. சில பேருக்கு அம்லோடிபின்ல கால் வீங்குது, எனலாப்ரில்ல வறட்டு இருமல் வருது, அத நம்மகிட்ட சொல்லாமலே விட்டுடறாங்க, சொல்லியிருந்தா மருந்த மாத்திக் குடுத்திருக்கலாம். அடுத்து நாம அவங்கள பாக்கறது ஸ்ட்ரோக்கோட வரும்போதுதான். உலக அளவுலயே BP இருக்கற பெரியவங்கள்ல சுமார் 5 பேர்ல 1 ஆளுக்குத்தான் கட்டுப்பாட்டுல இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம ரிஜிஸ்டர்ல எட்டு க்ளினிக்லயும் சேத்து சுமார் 2,400 பேர் இருக்காங்க, இதுல யாரு வரலைன்னு பாத்துக் கூப்பிடறது இப்ப யாரோட வேலையும் இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

என்ன பண்ணப் போறோம்

சாயங்காலம் க்ளினிக் மூடும்போது அன்னிக்கு வர வேண்டியவங்கள்ல யாரு வரலைன்னு ஒரு லிஸ்ட். மறுநாள் ஒரு நர்ஸ் ஃபோன் பண்ணணும், எடுக்கலைன்னா ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவ, அதோட சரி. ஃபோன்ல ஏன் வரலைன்னு திட்டறதோ அட்வைஸ் பண்றதோ கிடையாது, மாத்திரை இருக்கா, ஏதாவது தொந்தரவு பண்ணுதா, எந்த நாள் வர முடியும், இந்த மூணு கேள்விதான். வீட்ல வேற யாராவது எடுத்தா நோயோட பேர சொல்லவே கூடாது, க்ளினிக்ல இருந்து கூப்பிட்டோம்னு மட்டும் சொல்லி வெச்சிடணும். ஃபோன் பண்ணலாமான்னு முன்னாடியே கேட்டு ரிஜிஸ்டர்ல குறிச்சுக்கணும், வேண்டாம்னவங்கள கூப்பிடக் கூடாது.

மூணு மாசத்துக்கு சேத்து மாத்திரை குடுக்கறதையும் இதோடவே பண்ணலாம்னு ரெண்டு பேர் சொன்னீங்க. நல்ல யோசனைதான், ஆனா இப்ப வேண்டாம். ரெண்டையும் ஒண்ணா பண்ணினா எதனால முன்னேற்றம் வந்துச்சுன்னு சொல்லவே முடியாது.

எங்க, எப்ப

மார்ச் 2 ஆரம்பம், ஆகஸ்ட் 31 முடிவு. எட்டுல நாலு க்ளினிக், சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கணும். நாங்க பண்றோம்னு ஆர்வமா முன்வர்ற க்ளினிக்ல எத பண்ணினாலும் நடக்கும், அத வெச்சு மத்த க்ளினிக்லயும் நடக்கும்னு நம்ப முடியாது. மிச்ச நாலும் எப்பவும் போல நடக்கட்டும், ஆனா கணக்கு அங்கயும் எடுக்கணும். ஏன்னா ஒரு நாள் ரொம்ப ஏறியிருந்த BP அடுத்த தடவ பாக்கும்போது நாம ஒண்ணும் பண்ணாமலே கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், ஒப்பிட ஆள் இல்லைன்னா அந்த இறக்கத்தையும் ஃபோனால வந்ததுன்னு எழுதிடுவோம்.

எது நடந்தா வெற்றி

முக்கியமான அளவு ஒண்ணே ஒண்ணு. மார்ச் 2 அன்னிக்கு ரிஜிஸ்டர்ல இருக்கற அத்தனை பேர்ல, ஜூன் 1ல இருந்து ஆகஸ்ட் 31க்குள்ள எடுத்த கடைசி ரீடிங் 140/90க்குக் கீழ இருக்கறவங்க எத்தன சதவீதம். அந்த மூணு மாசத்துல வராதவங்கள கணக்குல இருந்து எடுக்கக் கூடாது, கட்டுப்பாட்டுல இல்லாதவங்களாத்தான் எண்ணணும். வந்தவங்கள மட்டும் எண்ணினா எந்தத் திட்டமும் ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். இதே கணக்க டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் இருக்கற ரீடிங்க வெச்சு முன்னாடியே ஒரு தடவ போட்டு வெச்சுக்குவோம். அதுல இருந்து ஃபோன் பண்ற க்ளினிக் எவ்வளவு ஏறுது, பண்ணாத க்ளினிக் எவ்வளவு ஏறுது, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைஞ்சது 10 சதவீதப் புள்ளி வரணும். ஏன் 10னா, அதுக்குக் கம்மியா வந்தா அதே நர்ஸ் நேரத்த வேற எதுக்காவது செலவழிக்கலாம்னு நான் நெனைக்கிறேன், மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க, மார்ச் 2க்கு அப்புறம் யாரும் தொடக் கூடாது.

அதோட, நாலுல குறைஞ்சது மூணு க்ளினிக் தனித்தனியாவும் ஏறியிருக்கணும். எட்டே க்ளினிக்தான், ஒரே ஒரு நல்ல நர்ஸ் மொத்தத்தையும் தூக்கிக் காட்டிடலாம்.

நர்ஸ் நேரமும் ஒரு அளவுதான். ஒரு க்ளினிக்ல ஒரு நாளைக்கு சராசரியா 45 நிமிஷத்துக்குள்ள முடியணும். அதுக்கு மேல போனா எட்டு க்ளினிக்ல நடத்தவே முடியாது, ஏற்கனவே ஆள் பத்தல.

ரீடிங் விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பா இருக்கணும்னு கேட்டுக்கறேன். கையால எடுக்கும்போது எல்லாமே 130, 140ன்னு பூஜ்யத்துல முடியுது, எல்லைக்கோடே 140ங்கறப்ப இது கணக்கயே கெடுத்துடும். அதனால எட்டு க்ளினிக்லயும் ஆட்டோமேட்டிக் மெஷின்தான், அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு ரெண்டு தடவ எடுத்து ரெண்டையும் எழுதணும், கணக்குக்கு சராசரி. வந்தவங்கள்ல ரீடிங் எழுதாம விட்டது 10 சதவீதத்துக்கு மேல போனா அந்த க்ளினிக் கணக்கு செல்லாது. மாசா மாசம் இத மட்டும் நான் பாத்து சொல்றேன், வெற்றி தோல்வி எண்ண நடுவுல யாரும் போட்டுப் பாக்க வேண்டாம், பாத்தா கை சும்மா இருக்காது.

நடுவுல நிறுத்தறதுக்கு ஒரே காரணம்தான்: ஃபோனால ஒருத்தரோட நோய் விஷயம் வெளிய போச்சுன்னு புகார் வந்தா அன்னிக்கே எல்லா க்ளினிக்லயும் ஃபோன் நிக்கணும், விசாரிச்சு சரி பண்ணினப்புறம்தான் திரும்ப.

முடிவு: செப்டம்பர் 14

முடிவு எடுக்கறது டைரக்டர், நர்சிங் ஹெட், அக்கவுண்ட்ஸ், மூணு பேர். எனக்கு ஓட்டு வேண்டாம், நான் கொண்டு வந்த திட்டம், எனக்கு இது ஜெயிக்கணும்னுதான் இருக்கும். செப்டம்பர் 7க்குள்ள கணக்க குடுத்துடறேன், இதுல சம்பந்தப்படாத ஒருத்தர் அத சரிபாக்கணும்.

வித்தியாசம் 10 புள்ளியோ மேலயோ வந்து, மூணு க்ளினிக் ஏறி, நேரமும் 45 நிமிஷத்துக்குள்ள இருந்தா அக்டோபர் 5 முதல் ரெண்டு க்ளினிக், நவம்பர் 2 முதல் மிச்ச ரெண்டு. 10 வந்தும் நேரம் மட்டும் தாண்டினா விரிவாக்கக் கூடாது, முதல் ஃபோன ரிசப்ஷன்ல இருக்கறவங்க பண்ண முடியுமான்னு அதே நாலு க்ளினிக்ல ஒரு மாசம் பாத்து அக்டோபர் 19ல திரும்ப உக்காருவோம். 5ல இருந்து 10க்குள்ளன்னாலோ, 10 வந்தும் மூணு க்ளினிக் ஏறலைன்னாலோ நவம்பர் 30 வரைக்கும் ஒரே ஒரு நீட்டிப்பு, அப்பவும் அதே அளவ தொடலைன்னா நிறுத்திடணும், இன்னொரு நீட்டிப்பு கிடையாது. 5க்குக் கீழன்னா அன்னிக்கே நிறுத்தம், நர்ஸ் நேரம் பழையபடி. ரெண்டு க்ளினிக்குக்கு மேல கணக்கு செல்லாம போனா வெற்றின்னும் சொல்லக் கூடாது தோல்வின்னும் சொல்லக் கூடாது, விரிவாக்கம் கிடையாது. முடிவு வர்ற வரைக்கும் அந்த நாலு க்ளினிக்ல ஃபோன் நடக்கட்டும், நடுவுல நிறுத்தினா நோயாளிங்க குழம்பிடுவாங்க.

இதெல்லாம் இப்பவே எழுதி வெக்கச் சொல்றதுக்குக் காரணம், முடிவு தேதி இல்லாத பைலட் அப்படியே இழுத்துக்கிட்டு நாலு க்ளினிக்லயே நின்னுடும், நல்லா இருந்தா மத்த நாலு க்ளினிக் நோயாளிக்குப் போய்ச் சேராது, நல்லா இல்லைன்னாலும் நிறுத்த யாருக்கும் மனசு வராது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: பைலட் க்ளினிக் ஒவ்வொண்ணுக்கும் வாரம் நாலரை மணி நேரம் நர்ஸ் நேரம், ஒரு தனி ஃபோன், எட்டு க்ளினிக்குக்கும் நல்ல BP மெஷின். பிப்ரவரி 13க்குள்ள சரின்னு எழுத்துல குடுத்தீங்கன்னா 16ஆம் தேதி எல்லா இன்சார்ஜ் முன்னாடியும் சீட்டுக் குலுக்கிடலாம், அடுத்த ரெண்டு வாரத்துல நர்ஸுங்களுக்கு ஃபோன் பேசற ட்ரெய்னிங் முடிச்சிடறேன்.