பதினான்கு மாதமாகப் பதிலில்லாத திருத்த மனு: முதன்மை ஆணையருக்கு ஒரு முறையீடு

நாள்: 09.06.2025

அனுப்புநர்:
சு. மரகதம், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை
(பான் எண், முகவரி, கைபேசி எண், வங்கி விவரம்: இணைப்பு 1)

பெறுநர்:
முதன்மை வருமான வரி ஆணையர் அவர்கள்

பொருள்: 2023-24 மதிப்பீட்டு ஆண்டு - பிரிவு 154-இன் கீழ் 08.04.2024 அன்று கொடுத்த திருத்த மனு - உத்தரவு இல்லாமல் நிலுவை - அடுத்த ஆண்டின் ரீஃபண்ட் ஈடுசெய்யப்பட்டது - தங்கள் தலையீடு கோருதல்.

பார்வை:
1. என் திருத்த மனு, 08.04.2024
2. நினைவூட்டல் மனு, 03.09.2024
3. இரண்டாம் நினைவூட்டல் மனு, 16.12.2024
4. இ-நிவாரண் புகார், 10.02.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 08.04.2024 அன்று நான் கொடுத்த திருத்த மனுவின் மேல் என் மதிப்பீட்டு அலுவலர் எழுத்து மூலம் ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சி. நிராகரிப்பதானாலும் காரணத்தோடு நிராகரிக்கட்டும். இரண்டும் நடக்காமல் பதினான்கு மாதங்கள் போய்விட்டன.

நடந்தது இதுதான். 2022-23 நிதியாண்டில் என் ஓய்வூதியத்திலிருந்து ரூ.37,800, வைப்புத்தொகை வட்டியிலிருந்து ரூ.48,600, ஆக ரூ.86,400 வரியாகப் பிடிக்கப்பட்டது. நான் கட்ட வேண்டிய வரி ரூ.77,200. மீதி ரூ.9,200-ஐத் திருப்பித் தரக் கேட்டு 28.07.2023 அன்று, கெடு நாளுக்குள், கணக்கைத் தாக்கல் செய்தேன். 14.12.2023 அன்று பிரிவு 143(1)-இன் கீழ் வந்த அறிவிப்பில் வட்டிக்கான பிடித்தம் முழுவதும் விடுபட்டிருந்தது. ரீஃபண்ட் இல்லை, அதற்குப் பதில் ரூ.39,400 கட்ட வேண்டும் என்று கேட்பு எழுந்தது.

அந்த அறிவிப்பு வந்த நாளில் பிழை துறையுடையது அல்ல. இதை நான் மறைக்க விரும்பவில்லை. என் வங்கிக் கிளை வரிப் பிடித்தக் கணக்கில் என் பான் எண்ணின் ஓர் எழுத்தை மாற்றிக் கொடுத்துவிட்டது. அதனால் 26AS-இல் அந்தத் தொகை என் பெயரில் வரவில்லை. வங்கியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி, 2024 பிப்ரவரியில் திருத்தக் கணக்கைத் தாக்கல் செய்ய வைத்தேன். 2024 மார்ச் முதல் ரூ.48,600 முழுவதும் என் 26AS-இல் இருக்கிறது (இணைப்பு 3). வங்கி கொடுத்த படிவம் 16A-வும் அதே தொகையைத்தான் காட்டுகிறது (இணைப்பு 4). துறையின் சொந்தப் பதிவைத் திறந்தாலே தெரியும் பிழை இது. இதில் விசாரிக்கவோ வாதாடவோ எதுவும் இல்லை.

பதிவு சரியான கையோடு, 08.04.2024 அன்று ஆயகர் சேவா கேந்திராவில் மனுவைக் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்கினேன். பிரிவு 154(8)-இன்படி, மனு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும். அந்தக் கெடு 31.10.2024 அன்று முடிந்தது. இந்தக் காலவரம்பைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 15.02.2016 தேதியிட்ட 1/2016 எண் அறிவுறுத்தலில் சொல்லியிருக்கிறது.

இடையில் நான்கு முறை நேரில் போனேன். பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். முதல் முறை, "கோப்பு மேசையில் இருக்கிறது, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். இரண்டாம் முறை போனபோது அலுவலர் மாறியிருந்தார். மூன்றாம் முறை, கோப்பு எங்கே என்று தேட வேண்டும் என்றார்கள். கடைசியாக, மறுபடி ஒரு மனு கொடுங்கள் என்றார்கள்; அதுதான் பார்வை 3. யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். ஆட்கள் குறைவு, வேலை அதிகம் என்பதும் எனக்குப் புரிகிறது. எந்தத் தனி அலுவலர் மீதும் நடவடிக்கை கேட்டு நான் இதை எழுதவில்லை.

ஆனால் மனு தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வசூல் மட்டும் நடந்துவிட்டது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு எனக்கு வர வேண்டிய ரீஃபண்ட் ரூ.21,750. அதைப் பழைய கேட்புக்கு ஈடுசெய்யப் போவதாக 2024 நவம்பரில் பிரிவு 245-இன் கீழ் அறிவிப்பு வந்தது. கொடுத்த அவகாசத்துக்குள், திருத்த மனு நிலுவையில் இருப்பதைச் சொல்லி, ஒப்புகை நகலையும் சேர்த்து, கேட்பை ஏற்கவில்லை என்று இணையதளத்தில் பதில் அளித்தேன் (இணைப்பு 6). இருந்தும் 2025 ஜனவரியில் தொகை முழுவதும் ஈடுசெய்யப்பட்டது. மீதி ரூ.17,650 இன்னும் என் பெயரில் பாக்கியாக நிற்கிறது. இ-நிவாரணில் கொடுத்த புகாரையும், "மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி முடித்துவிட்டார்கள். எந்த அலுவலர் பதில் சொல்லவில்லை என்று புகார் கொடுத்தேனோ, அதே அலுவலருக்கு.

ரீஃபண்ட் பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது ஒன்று உண்டு. திருத்த மனு நிராகரிக்கப்பட்டால் பிரிவு 246A-இன் கீழ் மேல்முறையீடு செய்யும் உரிமை எனக்கு இருக்கிறது. உத்தரவே இல்லையென்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? பதில் வராத ஒவ்வொரு மாதமும் சட்டம் எனக்குக் கொடுத்த அந்த வழி அடைபட்டே கிடக்கிறது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். விடைத்தாளில் பூஜ்யம் போட வேண்டியிருந்தாலும் திருத்தித்தான் கொடுத்திருக்கிறேன். திருத்தாமல் வைத்துக்கொண்டதில்லை.

ஆறு மாதம் தாண்டிவிட்டதால் இனி உத்தரவு போட முடியாது என்று ஒருவேளை அலுவலகத்தில் கருதினால், அது சரியல்ல என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். காலத்தில் கொடுத்த மனு அலுவலகத்தில் தாமதமானதால் மனுதாரர் தன் உரிமையை இழக்க மாட்டார். மேலும் 154(7)-இன் நான்கு ஆண்டு வரம்பே இந்த அறிவிப்புக்கு 31.03.2028 வரை இருக்கிறது.

எனவே தாங்கள் அன்புகூர்ந்து,

1. இந்த மனு கிடைத்த 15 நாட்களுக்குள் என் திருத்த மனுவின் மேல் காரணம் காட்டும் உத்தரவு பிறப்பிக்குமாறு மதிப்பீட்டு அலுவலருக்கு அறிவுறுத்த வேண்டும்.

2. 26AS-இன்படி ரூ.48,600-க்கு வரவு கொடுத்து, கேட்பை நீக்கி, ரூ.9,200-ஐயும் ஈடுசெய்த ரூ.21,750-ஐயும் பிரிவு 244A-இன்படி சேர வேண்டிய வட்டியோடு திருப்பித் தர ஆவன செய்ய வேண்டும்.

3. உத்தரவு வரும்வரை மீதி ரூ.17,650-ஐ வசூலிக்கவோ, அடுத்த மாதம் நான் தாக்கல் செய்யப்போகும் 2025-26 கணக்கின் ரீஃபண்டிலிருந்து எடுக்கவோ கூடாது என்று குறிப்பிட வேண்டும்.

நேரில் வந்து விளக்க வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னால் கைபேசியில் சொன்னால் போதும், மூலப் பிரதிகளோடு வந்துவிடுவேன். மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் தயவுசெய்து வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சு. மரகதம்

இணைப்புகள்:
1. மனுதாரர் விவரம்
2. 143(1) அறிவிப்பு, 14.12.2023
3. 26AS, 2022-23 நிதியாண்டு
4. படிவம் 16A
5. பார்வை 1 முதல் 3 வரையிலான மனுக்கள், முத்திரையிட்ட ஒப்புகைகளுடன்
6. பிரிவு 245 அறிவிப்பும் என் பதிலும்
7. இ-நிவாரண் புகாரும் அது முடிக்கப்பட்ட குறிப்பும்

நகல்: என் வார்டு மதிப்பீட்டு அலுவலருக்கு, தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.