சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தநாள் உரை

அவைத் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றிய கதைகள் கைப்பேசிகளில் வந்து குவிகின்றன. அவற்றில் பல, யாரோ ஒரு பெரியவருக்கு நடந்ததாகச் சொல்லப்பட்டு, பெயர் மட்டும் மாற்றி இவர்மேல் ஏற்றப்பட்டவை. இத்தனை நிறைந்த வாழ்க்கைக்குக் கற்பனை அணிகலன் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, பதிவுகளில் நிலைபெற்ற செய்திகளை மட்டும் உங்கள்முன் வைக்கிறேன். குறிப்பாக மாணவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொண்டே கேட்க வேண்டும். அவர் எந்த ஆண்டில் வகுப்பறையை விட்டார் என்பதே அது.

அவர் பிறந்தது 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று, நாம் கூடியிருக்கும் இதே திருத்தணியில். தந்தை வீராசாமி, தாய் சீதம்மா. வீட்டில் பேசியது தெலுங்கு. முன்னோர்களின் ஊரான சர்வபள்ளி, நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்தது. அவர் ஆந்திரரா, தமிழகத்தவரா என்ற விவாதம் அவ்வப்போது எழுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்த நாளில் திருத்தணி சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அப்போது ராதாகிருஷ்ணன் நாட்டின் குடியரசுத் துணைத் தலைவர். பிறந்த ஊர் மாநிலம் மாறியதைத் தம் வாழ்நாளிலேயே பார்த்தவர் அவர். இரு மொழியினரும் அவரை உரிமை கொண்டாடுவதில் பிழை ஒன்றும் இல்லை.

தந்தை வருவாய்த்துறை சார்ந்த சிறிய பணியில் இருந்தார். குடும்பத்தில் வசதி குறைவு, ஆகவே உதவித்தொகையின் துணையில்தான் மகனின் படிப்பு நடந்தது. திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் படித்து, பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. படிக்கும் காலத்திலேயே சிவகாமு அம்மையாரை மணந்தார். தத்துவத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்கு, உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் பாடநூல்களை அவரிடம் கொடுத்ததே காரணம் என்று வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. புத்தகம் வாங்கப் பணமில்லாத மாணவனுக்குக் கையில் கிடைத்த புத்தகமே பாதையாயிற்று.

இங்கே சற்று நின்று பேச வேண்டும். அந்தக் கல்லூரியின் கிறித்துவ ஆசிரியர்களில் சிலர் இந்து சமயச் சிந்தனையைக் கடுமையாக விமர்சித்தனர். உலகை மாயை என்று சொல்லும் சமயத்தில் அறநெறிக்கு இடம் ஏது என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. இளைஞர் ராதாகிருஷ்ணன் அதைக் கேட்டுச் சினந்து எழுந்து போகவும் இல்லை, கேட்டதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வேதாந்தத்தின் அறநெறி என்ன என்பதையே தம் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அந்த ஆய்வு 1908-இல், அவருடைய இருபதாம் வயதில், நூலாக வெளிவந்தது. அதைப் பாராட்டியவர் அவருடைய பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், அவரும் ஒரு கிறித்துவ மறைப்பணியாளரே. விமர்சனம்தான் தம்மை இந்து சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று ராதாகிருஷ்ணன் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். எதிர்க்கருத்துக்கு ஆராய்ச்சியால் விடை சொல்லும் மாணவனும், அந்த விடையை மனமுவந்து பாராட்டும் ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் அமைந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவத் துறையில் பணியேற்றார். அடுத்துச் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர்களில் அதே சைதாப்பேட்டையில் பயின்றவர்கள் இருப்பீர்கள். பின்னர் ராஜமுந்திரியில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1918-இல் மைசூர் மகாராஜா கல்லூரிக்குச் சென்றார். ரவீந்திரநாத் தாகூரின் தத்துவத்தைப் பற்றிய அவருடைய நூல் வெளியானதும் அதே ஆண்டில்தான். 1921-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் தத்துவப் பேராசிரியராக அவர் அழைக்கப்பட்டு மைசூரை விட்டுப் புறப்பட்டபோது, மாணவர்கள் மலரால் அலங்கரித்த வண்டியில் அவரை அமர்த்தி, தாங்களே ரயில் நிலையம்வரை இழுத்துச் சென்றனர். அன்று அவருக்கு வயது முப்பத்திரண்டு. பட்டமும் பதவியும் பின்னால் வந்தவை, மாணவர்களின் அன்பு முன்னரே வந்துவிட்டது.

கல்கத்தாவில் இருந்த காலத்தில்தான் இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய பெருநூல் 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. 1926-இல் ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியில் இந்து சமய வாழ்க்கை நோக்கு பற்றிச் சொற்பொழிவாற்றினார். மேலைநாட்டு மாணவர்கள் பிளேட்டோவையும் காண்ட்டையும் படிக்கும் அதே மதிப்புடன் சங்கரரையும் இராமானுசரையும் படிக்க வேண்டும் என்பதே அவருடைய இத்தனை எழுத்துக்கும் பின்னால் இருந்த நோக்கம். ஆங்கிலத்தில் அந்தத் தெளிவுடன் எழுதும் ஆற்றல் அவருக்கு இருந்தது. 1931-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. விடுதலைக்குப் பின் அதைத் தம் பெயருடன் அவர் பயன்படுத்தவில்லை.

1931 முதல் 1936 வரை வால்டேரில் இருந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1936-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்கள், அறவியல் ஆகியவற்றுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர். 1939-இல் மதன் மோகன் மாளவியாவுக்குப் பின் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்று 1948 வரை அதை நடத்தினார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் அந்த மாணவர்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டதால் மாகாண ஆளுநர் சினமுற்று, பல்கலைக்கழக வளாகத்தைப் போர்க்கால மருத்துவமனையாக மாற்றிவிட முனைந்தபோது, ராதாகிருஷ்ணன் தில்லி சென்று வைஸ்ராயிடம் வாதிட்டு அதைத் தடுத்தார். அரசியல் மேடையில் ஏறாதவராக இருந்தும், தம் மாணவர்கள் படிக்கும் இடத்தைக் காப்பதற்காக ஆட்சியின் உச்சிக்கே சென்றார். அவருக்குள் இருந்த அரசியல் அறிஞரை நான் முதலில் அடையாளம் காண்பது இந்த இடத்தில்தான்.

அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக, 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவுக் கூட்டத்தில் நேருவின் தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 1948-இல் மத்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், அறிவியலாளர் மேகநாத் சாகா, பின்னாளில் இவருக்கு அடுத்துக் குடியரசுத் தலைவரான ஜாகீர் உசேன் ஆகியோர் அதில் இடம்பெற்றிருந்தனர். 1949-இல் அளித்த அறிக்கையில், பன்னிரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பின்னரே பல்கலைக்கழகச் சேர்க்கை, தேர்வு நாள்கள் நீங்கலாக ஆண்டுக்குக் குறைந்தது 180 வேலைநாள்கள், ஆசிரியர்களுக்கு உயர்ந்த ஊதியம், ஊரகப் பல்கலைக்கழகங்கள், நிதி வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு ஆகியவற்றை அக்குழு பரிந்துரைத்தது. அந்த மானியக் குழு 1956-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் சட்டபூர்வ அமைப்பாயிற்று. இந்த ஓர் அறிக்கைக்காகவே கல்லூரியில் காலடி வைத்த ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்பேன்.

1949 முதல் 1952 வரை சோவியத் யூனியனில் இந்தியத் தூதர். அவருக்கு முன் அங்கே தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்கு ஸ்டாலினைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ராதாகிருஷ்ணனோ 1950-இல் ஒருமுறையும், விடைபெறும் வேளையில் 1952-இல் மறுமுறையும் அவரைச் சந்தித்தார். தூதராக இருந்த அந்த ஆண்டுகளிலும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியை அவர் துறக்கவில்லை. மாணவர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. 1909-இல் தொடங்கிய ஆசிரியப் பணி 1952-இல், குடியரசுத் துணைத் தலைவரான ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. ஆசிரியராக இருந்து, அதை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனவர் என்று அவரை எழுதுவது சரியன்று.

1952 மே 13 அன்று நாட்டின் முதல் குடியரசுத் துணைத் தலைவராகப் பதவியேற்று, அதன்வழி மாநிலங்களவையின் முதல் தலைவருமானார். 1952, 1957 ஆகிய இரு தேர்தல்களிலும் போட்டியின்றித் தேர்வானார். 1954-இல் பாரத ரத்னா விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற மூவர் ராஜாஜி, சர் சி.வி. ராமன், ராதாகிருஷ்ணன். 1956-இல் சிவகாமு அம்மையார் காலமானார். ஐந்து மகள்களும் ஒரு மகனும் அவர்களுக்கு. மகன் சர்வபள்ளி கோபால் புகழ்பெற்ற வரலாற்றறிஞர், தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்.

1962 தேர்தலில் 5,53,067 வாக்கு மதிப்பு பெற்று, மே 13 அன்று இரண்டாவது குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட அன்பர்களும் மாணவர்களும் விரும்பியபோது, அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடினால் பெருமைப்படுவேன் என்று அவர் தெரிவித்தார். அதுவே இன்று நாம் கொண்டாடும் நாள். ஆனால் அந்த ஐந்தாண்டு விழாக்காலம் அன்று. 1962 அக்டோபரில் சீனப் போரை ஒட்டி அவர் பிறப்பித்த நெருக்கடி நிலை அவருடைய பதவிக்காலம் முடியும்வரை நீடித்தது. 1964 மே மாதம் நேருவும், 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரியும் பதவியில் இருக்கும்போதே மறைந்தனர். இடையில் 1965-இல் பாகிஸ்தானுடன் போர். இரு பிரதமர்களின் மறைவின்போதும் உடனடியாகக் குல்சாரிலால் நந்தாவுக்கு இடைக்காலப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்து, முறைப்படி அடுத்தவர் தேர்வாகும்வரை ஆட்சி இடையறாமல் தொடர வழிசெய்தார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகூட ஆகாத நாட்டில் அந்த நிதானம் எளியதன்று.

1967 மே மாதம் பதவி நிறைவுற்றுச் சென்னை மயிலாப்பூர் இல்லத்துக்குத் திரும்பினார். 1968-இல் சாகித்திய அகாதமியின் முதல் தகைசால் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975-இல் டெம்பிள்டன் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று, எண்பத்தாறாம் வயதில் சென்னையில் காலமானார். அந்தப் பரிசுத் தொகை, அவர் பாடம் நடத்திய ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே வழங்கப்பட்டது.

பேச வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கும், பொறுமையுடன் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.