மஞ்சக்குப்பம் வீட்டு பிராட்பேண்ட் ஒப்பந்தம்: குடும்பத்தாருக்கான சுருக்கம்

கடலூர், 3.12.2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நீங்கள் கொடுத்தனுப்பிய சந்தாதாரர் ஒப்பந்தத்தையும், அதன் கடைசியில் பொடி எழுத்தில் இணைத்திருக்கும் கட்டண அட்டவணையையும் முழுவதும் படித்துவிட்டேன். தம்பியின் பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டுக்குக் குடிபோகத் திட்டமிட்டிருப்பதால், அந்தத் திட்டத்தைப் பாதிக்கும் பிரிவுகளை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன். நவம்பர் மாத பில்லில் கூடுதலாகக் கழிக்கப்பட்ட பணம் குறித்து நீங்கள் கேட்டதற்கான பதில் கடைசிப் பகுதியில் உள்ளது. அதற்கு மட்டும் டிசம்பர் 14 வரைதான் அவகாசம் என்பதால், முதலில் அதைக் கவனித்துவிடுங்கள்.

அடிப்படை விவரம்

இணைப்பு மாமாவின் பெயரில் உள்ளது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு மாத வாடகை 699 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 824.82 ரூபாய். திட்டத்தின் அசல் விலை 799 ரூபாய் என்றும், ஓராண்டு தொடர ஒப்புக்கொண்டதற்காக மாதம் 100 ரூபாய் தள்ளுபடி தரப்படுவதாகவும் அட்டவணை கூறுகிறது. நிறுவுதல் கட்டணமான 1,500 ரூபாயை வாங்கவில்லை. ரூட்டருக்கு 1,500 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டியிருக்கிறீர்கள். அது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம்.

லாக்-இன் காலம்

இடையில் விலகினால் கட்டணம் கட்ட வேண்டிய லாக்-இன் காலம், பிரிவு 4-இன்படி 12 மாதங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட ஜூன் 5-ஆம் தேதியிலிருந்து இது கணக்கிடப்படுவதில்லை. இணைப்பு இயங்கத் தொடங்கிய 2025 ஜூன் 14-இலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே இது 2026 ஜூன் 13 அன்று முடிகிறது. அதன் பிறகு ஒப்பந்தம் மாதாமாதம் தானாகத் தொடரும். ஆனால் தள்ளுபடி நின்றுபோய், மாதம் 942.82 ரூபாய் பில் வரும்.

அந்த ஜூன் 13 என்ற தேதியைத் தள்ளிப்போடக்கூடிய இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இவற்றைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். முதலாவது, லாக்-இன் காலத்துக்குள் அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறினால், மாறிய நாளிலிருந்து 12 மாதங்கள் புதிதாகத் தொடங்கும் என்று பிரிவு 4-இன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. இரண்டாவது, வாடிக்கையாளர் சேவையிலிருந்து தொலைபேசியில் பேசி ஒரு சலுகையைத் தர, நீங்கள் அதற்கு வாய்மொழியாகச் சம்மதித்தாலும் அதே விளைவு உண்டு என்று பிரிவு 9 சொல்கிறது. தம்பிக்குத் தேர்வு நேரத்தில் வேகம் போதவில்லை என்று தோன்றினாலும் திட்டத்தை மாற்ற வேண்டாம். சலுகை அழைப்பு வந்தால், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். இதை அத்தையும் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் பகலில் அழைப்புகளை எடுப்பவர் அவர்தான்.

இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை

விலகல் கட்டணம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, வாங்காமல் விட்ட நிறுவுதல் கட்டணம்: முதல் 6 மாதங்களுக்குள் விலகினால் முழுதாக 1,500 ரூபாய், அதன் பிறகு 750 ரூபாய். மற்றொன்று, அதுவரை பெற்ற தள்ளுபடி முழுவதையும் திருப்பிக் கட்டுவது. அதாவது பயன்படுத்திய மாதங்கள் ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய், மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் முழு மாதக் கணக்கு. இரண்டின் கூட்டுத்தொகையோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும்.

நாளாக ஆக விலகல் கட்டணம் குறையும் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். இந்த ஒப்பந்தத்தில் ஆறு மாதம் முடிந்ததும் ஒரு முறை குறைந்துவிட்டு, பின்னர் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போகிறது. மார்ச் 13-ஆம் தேதி, ஒன்பது மாதம் நிறைவடையும் நாளில் விலகினால் 1,947 ரூபாய். விலகாமல் மிச்சமுள்ள மூன்று மாத வாடகையைக் கட்டினால் 2,474.46 ரூபாய். அந்தக் கட்டத்தில் விலகுவது லாபம். ஏப்ரல் 13-இல் விலகினாலோ 2,065 ரூபாய் ஆகிறது. மிச்சமுள்ள இரண்டு மாத வாடகை 1,649.64 ரூபாய்தான். எனவே ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ வீட்டைக் காலிசெய்தால், விலகல் கட்டணத்தைக் கட்டாமல் ஜூன் 13 வரை இணைப்பை வைத்திருந்து முடிப்பதே மலிவு. தேர்வு முடியும்வரை இணைப்பு வேண்டும் என்பதால் மார்ச் 13 நமக்குப் பொருந்தாது.

விலகுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பதிவுசெய்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பியதோ, அலுவலகத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதமோ மட்டுமே செல்லும், தொலைபேசியில் சொன்னது செல்லாது. ஜூன் 13-இல் முடிக்க வேண்டுமானால் மே 14-க்குள் அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரூட்டரை 7 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் 2,500 ரூபாய். அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் ரசீதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரூட்டரைக் கொடுங்கள். முன்வைப்புத் தொகை 45 நாட்களுக்குள் வங்கிக் கணக்குக்கு வரும்.

லாஸ்பேட்டைக்கு மாற்றிக்கொள்வது

இதற்கு வழி இருக்கிறது. பிரிவு 7-இன்படி புதிய முகவரியில் நிறுவனத்தின் கேபிள் இருந்தால், 500 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாய்க்கு இணைப்பை இடமாற்றம் செய்துகொள்ளலாம். லாக்-இன் காலம் புதிதாகத் தொடங்காது, பழைய கணக்கே தொடரும். ஆனால் அங்கே கேபிள் இல்லையென்றாலும் விலகல் கட்டணம் உண்டு என்று அதே பிரிவு முடிகிறது. நாம் தொடரத் தயாராக இருந்தும் சேவை தர இயலாதவர் நம்மிடமே கட்டணம் கேட்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 74-இன்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-உம் இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்று வகைப்படுத்துகிறது. ஆகவே லாஸ்பேட்டை முகவரியில் சேவை தர இயலுமா என்று பிப்ரவரியிலேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். இயலாது என்று அவர்கள் எழுதினால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் கடிதத்தை நானே தயாரித்துத் தருகிறேன்.

கட்டணமின்றி விலகும் உரிமை இரண்டு சூழல்களில் இருக்கிறது: பழுது தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் சரிசெய்யப்படாவிட்டால், அல்லது லாக்-இன் காலத்துக்குள் அவர்களாக வாடகையை உயர்த்தினால் அல்லது வேகத்தைக் குறைத்தால். இயற்கைச் சீற்றத்தால் வரும் பழுது அந்த 15 நாளில் சேராது என்றொரு விலக்கு இருக்கிறது. தானே புயலையும், 2024-இல் ஃபெஞ்சல் புயலோடு வந்த தென்பெண்ணை வெள்ளத்தையும் கண்ட நம் ஊரில் இது வெறும் எழுத்தல்ல. மழைக்காலத்தில் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றே படம் எடுத்து, புகார் எண்ணும் வாங்கிவிடுங்கள். புயலுக்கு முன்பே பழுது இருந்தது என்பதை அது காட்டும்.

பில் குறித்த தகராறு

ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி பில் வரும். 28-க்குள் கட்ட வேண்டும். தவறினால் 100 ரூபாய் தாமதக் கட்டணம். பில்லில் பிழை இருந்தால் பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். எதிர்க்காத தொகையைக் கட்டிவிட்டால், விசாரணை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. தாமதக் கட்டணமும் கூடாது. நான்கு வாரங்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

ஆனால் யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருப்பதால், எதிர்ப்பதற்கு முன்பே பணம் போய்விடுகிறது. நவம்பரில் நடந்ததும் அதுதான். 824.82 ரூபாய் வர வேண்டிய இடத்தில், ‘பொழுதுபோக்குத் தொகுப்பு 149’ என்ற இனமும் அதன் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 1,000.64 ரூபாயாகி, 28-ஆம் தேதி கழிக்கப்பட்டுவிட்டது. கூடுதல் சேவை எதுவும் சந்தாதாரரின் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே சேர்க்கப்படும் என்று பிரிவு 11 சொல்கிறது. மாமாவின் கைபேசியில் அப்படி எதுவும் வரவில்லை. பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தியில் உள்ள தொகையை இனி ஒவ்வொரு மாதமும் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே ஆட்டோபேயை நிறுத்திவிட்டு, சரியான தொகையை நீங்களே கட்டுங்கள்.

அவர்களுடைய முடிவு திருப்தி தராவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வகுத்த குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி 30 நாட்களுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். 39 நாட்களுக்குள் அவர் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. எல்லாத் தகராறும் சென்னையில் நடுவர் முன்பே தீர்க்கப்படும் என்று பிரிவு 16 சொல்வதைக் கண்டு தயங்க வேண்டாம். நடுவர் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இலும், தொலைத்தொடர்பு சேவைப் புகார்களும் ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று 2022-இலும் தீர்ப்பளித்திருக்கிறது. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், மனு கொடுக்கலாம். நம் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.

இப்போதைக்குக் கீழுள்ள கடிதத்தை மாமாவின் பதிவுசெய்த மின்னஞ்சலிலிருந்து இன்றோ நாளையோ அனுப்பிவிடுங்கள். நவம்பர் பில்லையும், பணம் கழிந்த செய்தியின் படத்தையும் இணையுங்கள்.

“ஐயா, 14.11.2025 தேதியிட்ட பில்லில் பொழுதுபோக்குத் தொகுப்புக்காக ஜி.எஸ்.டி. உட்பட 175.82 ரூபாய் சேர்க்கப்பட்டு, 28.11.2025 அன்று என் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுள்ளது. இச்சேவையை நான் கோரவில்லை; ஒப்பந்தப் பிரிவு 11 கூறும் ஓ.டி.பி. ஒப்புதலையும் அளிக்கவில்லை. அளித்ததாகத் தாங்கள் கருதினால் அதன் தேதி, நேரம் அடங்கிய பதிவை அனுப்பக் கோருகிறேன். இல்லையெனில் இச்சேவையை உடனே நீக்கி, 175.82 ரூபாயை 14.12.2025 பில்லில் வரவு வைக்குமாறும், இப்புகாருக்கான எண்ணைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இச்சேவையை நீக்கக் கோருவதைத் திட்ட மாற்றமாகக் கருதக் கூடாது என்பதையும், என் லாக்-இன் காலம் 13.06.2026 அன்றே முடிகிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.”