தள்ளுவதை விட இழுப்பது அதிகம்: வீட்டில் செய்ய வேண்டிய சக்கர நாற்காலிப் பயிற்சி

தம்பி,

முதுகுத்தண்டில் அடிபட்டு இங்கே வந்தீர்கள், வியாழக்கிழமை சக்கர நாற்காலியோடு வீட்டுக்குப் போகிறீர்கள். இங்கே தினமும் செய்ததைத்தான் எழுதித் தருகிறேன். இங்கிருக்கிற கப்பியும் எடைகளும் வீட்டில் இருக்காது என்பதால் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மடித்துப் பைக்குள் வைத்துவிடாமல் ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முதலில் நம் பழைய சண்டையை முடித்துக்கொள்வோம். கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, முப்பது வரை எண்ணி, வார்டு முழுக்கக் கைதட்டல் வாங்கினீர்களே, அது இனி வேண்டாம். கபடி ஆடிய கை என்பது எனக்கும் தெரியும். ஆனால் தோள் மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பந்து. கையை நாலா பக்கமும் வீசத்தான் அது அப்படி இருக்கிறது, முழு உடம்பைச் சுமக்க அல்ல. கட்டிலுக்கு மாற, பாத்ரூமுக்கு மாற, சக்கரம் தள்ள என்று நாள் முழுக்க அதன் மேல்தான் பாரம் போடுகிறீர்கள். பயிற்சியிலும் அதையே போட்டால் பத்து வருடத்தில் தோள் கேள்வி கேட்கும்.

படுக்கைப் புண் வராமல் இருக்கத் தூக்கிப் பிடிக்கிறேன் என்றீர்கள். அழுத்தம் விலகித் தோலுக்கு ரத்தம் சரியாகத் திரும்ப 2 நிமிடம் போல ஆகும். அவ்வளவு நேரம் யாராலும் கை ஊன்றி நிற்க முடியாது. அதற்குப் பதிலாக முன்னால் குனிந்து, நெஞ்சைத் தொடையில் சாய்த்து 2 நிமிடம் இருங்கள். அரை மணிக்கு ஒரு முறை. அண்ணன் கடையில் உட்காரும்போதும் இது உண்டு, வாடிக்கையாளர் காத்திருக்கட்டும்.

தொடங்குவதற்கு முன்

சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள். குஷன் நேராக இருக்கிறதா, பாதம் இரண்டும் மிதிபலகையில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் நாற்காலியை ஒரு சாண் பின்னால் உருட்டிவிட்டு பிரேக் போடுங்கள். பின்னால் உருட்டும்போது முன் சின்னச் சக்கரங்கள் திரும்பி முன்பக்கம் நீண்டு நிற்கும். குனிந்தாலும் நாற்காலி முன்னால் கவிழாது. இந்த ஒரு சாண் விஷயத்தை மறப்பவர்கள்தான் அதிகம்.

முதல் 5 நிமிடம் உடம்பைச் சூடேற்ற. தோள்களைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள், 15 முறை. கைகளை நெஞ்சு உயரத்தில் முன்னால் நீட்டி மடக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள், எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னால் மூச்சு தானாக ஓடும்.

பலப் பயிற்சி: திங்கள், புதன், வெள்ளி

சக்கரம் தள்ளத் தள்ள நெஞ்சுத் தசையும் தோளின் முன்பக்கமும்தான் முறுக்கேறுகின்றன. பின்பக்கம் சோம்பிப் போய், தோள் முன்னால் வளைந்துவிடுகிறது. அதனால் இந்தப் பட்டியலில் தள்ளுவது ஒன்றுகூடக் கிடையாது.

துடுப்பு இழுப்பு. ரப்பர் பேண்ட் கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். நெஞ்சு உயரத்தில் ஜன்னல் கம்பியில் கட்டி, இரு முனையையும் பிடித்து, முழங்கை விலாவை உரசிக்கொண்டு போகும்படி பின்னால் இழுங்கள். கடைசியில் இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நடுவில் ஒரு பென்சிலைப் பிடிப்பதுபோல் நெருங்க வேண்டும். இரண்டு எண்ணிவிட்டு மெதுவாக விடுங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் தப்பு. 12 முறை, 3 சுற்று.

வெளித் திருப்பல். நேரம் இல்லாத நாளில் மற்றதெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். தோள் பந்தைக் கிண்ணத்தில் பிடித்து வைத்திருப்பவை நாலு சின்னத் தசைகள், அவற்றில் பின்பக்கத்தவைக்கான பயிற்சி இது. ஒரு துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகுங்கள். முழங்கையை மடக்கி, ரப்பரைப் பிடித்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளியே திருப்புங்கள். துண்டு விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய ரப்பர் மட்டும். பலத்தைக் காட்ட இது இடமில்லை. ஒவ்வொரு கைக்கும் 15 முறை, 2 சுற்று.

கீழ் இழுப்பு. டியூபை ஜன்னலின் மேல்கம்பியில் கட்டி, முழங்கைகளை இடுப்பை நோக்கி இறக்குங்கள். கட்டிலுக்கு மாறும்போது உடம்பைத் தூக்குவதில் இந்த முதுகுத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஊன்றித் தூக்காமலே அந்தப் பலம் இதில் கிடைக்கும். 12 முறை, 3 சுற்று.

பாட்டில் தூக்கல். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ. கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, நேர் பக்கவாட்டிலும் இல்லாமல் நேர் முன்னாலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில், தோள் உயரம் வரை மட்டும் தூக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். 10 முறை, 2 சுற்று.

முழங்கை மடக்கித் தூக்குவது உங்களுக்குப் பிடிக்கும், 1 லிட்டர் பாட்டிலோடு 12 முறை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரம் தொடர்ந்து எல்லாச் சுற்றும் சுலபமாக முடிந்தால் டியூபை இரட்டையாக்குங்கள். வெளித் திருப்பலுக்கு மட்டும் என்னைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

நீட்டல்: தினமும்

கதவு நிலையில் முன்கையைத் தோளுக்குச் சற்றுக் கீழே வைத்து, நாற்காலியை மெல்ல எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நெஞ்சில் இழுவை தெரிய வேண்டும், தோள் மூட்டின் முன்னால் வலி தெரியக் கூடாது. 30 நொடி, பக்கத்துக்கு 3 முறை. பிறகு ஒரு கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து மறு கையால் அணையுங்கள், அதுவும் 30 நொடி. கழுத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பதும் உண்டு. அதற்கு விளக்கம் தேவையில்லை.

மற்ற நேரத்தில்

சக்கரத்தைக் குட்டிக் குட்டியாகத் தட்டித் தள்ளாதீர்கள். நீளமாக ஒரு தள்ளு, கை தானாகக் கீழே விழுந்து பின்னால் வரட்டும், மறுபடி நீளமாக ஒன்று. தள்ளும் எண்ணிக்கை குறையும், தோளுக்கு அதுவே லாபம்.

மாறும்போது கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கட்டில் உயரமென்றால் அண்ணனிடம் சொல்லிக் கட்டில் கால்களை அறுக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். ஒரு முறை வலப்பக்கம் மாறினால் அடுத்த முறை இடப்பக்கம். கையை உடம்புக்கு அருகில் ஊன்றுங்கள். கடையில் சார்ஜர், கவர் எல்லாம் மேல் அலமாரியில் தொங்குவதாகச் சொன்னீர்கள். அடிக்கடி எடுப்பதை எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு இறக்கிவிடச் சொல்லுங்கள்.

வலித்தால்

மறுநாள் தசை கனப்பது சகஜம், இரண்டு நாளில் போய்விடும். கை தூக்கும்போது சுருக்கென்று குத்தினாலோ, அந்தப் பக்கம் படுக்க முடியாமல் ராத்திரி விழித்தாலோ அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். விரல்கள் மரத்தாலும் கூச்சமெடுத்தாலும் காத்திருக்காமல் வாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேலே செய்வது மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று. இந்தத் தாளைக் கழுத்தில் அடிபட்ட நண்பருக்குக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு அடி முதுகுத்தண்டில் கழுத்துக்கு வெகு கீழே, டி-10 என்கிற எலும்பு மட்டத்தில், கையும் நெஞ்சும் முழுப் பலத்தோடு இருக்கின்றன. அவர்களுக்குக் கைப்பலமும் குறைவு, ரத்த அழுத்தமும் திடீரென்று எகிறும். அவர்களுக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆறு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை வாருங்கள். வரும்போது அந்த சைக்கிள் டியூபையும் கொண்டுவாருங்கள், எங்கே கிழியப் பார்க்கிறது என்று பார்த்துவிடலாம்.