மண் பரிசோதனைச் செலவு குறித்து

பண்டாரவளை
2025 ஓகஸ்ட் 18

அன்புள்ள திருமதி யோகராணி அவர்களுக்கு,

நீங்கள் முற்பணம் கொடுத்துள்ள 14 பேர்ச் காணியைச் சென்ற வாரம் பார்வையிட்டேன். மண் பரிசோதனைக்குக் கேட்கப்பட்ட 1,90,000 ரூபா வீண்செலவு என்றும், பக்கத்துக் காணிகளில் யாரும் அதைச் செய்யவில்லை என்றும் தரகர் கூறியதாக எழுதியிருந்தீர்கள். என் கருத்து அதற்கு மாறானது.

அந்தக் காணி சமதரையாகத் தெரிவதற்குக் காரணம், தேயிலை மலையை மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி நிரப்பியிருப்பதே. வெட்டிய பாதி இயற்கையாக இறுகிய மண். நிரப்பிய பாதி, தேயிலை வேர்களும் கற்களும் கலந்த தளர்ந்த மண். வீடு இரண்டின் மேலும் நிற்கும்போது கீழ்ப்பக்கத் தூண்கள் மட்டும் அமிழ்ந்து, சுவர்கள் வெடிக்கும். நிரப்பிய மண் எங்கே தொடங்குகிறது, எத்தனை அடி ஆழம் என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, அனுபவமுள்ள மேசன் பாஸாலும் முடியாது.

பரிசோதனையில் இரண்டு இடங்களில் துளையிட்டு, 63.5 கிலோகிராம் சுத்தியலை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாய் 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டே அத்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் கணக்கிடுகிறேன். அது இல்லாவிட்டால் பயத்தில் தேவைக்கு மேல் கம்பியும் கொங்கிறீற்றும் போடச் சொல்வேன். அந்த மிகைச்செலவே பரிசோதனைக் கட்டணத்தைத் தாண்டிவிடக்கூடும். மலைச்சரிவில் உருண்டு வந்து புதைந்த பாறாங்கல்லை அடிப்பாறை என்று நம்பி ஏமாறுவதும் உண்டு. ஆகவே பாறை தட்டுப்பட்டாலும் நிறுத்தாமல், அதற்குள்ளும் சில அடி துளைக்க வேண்டும் என்று விலைக்கோரலிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது இங்கு வறண்ட காலம். நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தே காட்டும். துளையொன்றில் குழாய் பதித்து வைத்தால், ஒக்டோபர், நவம்பர் மழையில் நீர் எவ்வளவு உயர்கிறது என்று அளக்கலாம். நீர் ஏறிய சரிவு தன் பலத்தை இழக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததும் தொடர்மழைக்குப் பின்னர்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருந்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். அது சரிவின் ஆபத்தை மதிப்பிடுவது; அதையும் பெற வேண்டும். ஆனால் உங்கள் ஒவ்வொரு தூணின் கீழும் உள்ள மண் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை அறியத் துளையிட்டே ஆக வேண்டும்.

மீதிப் பணத்தைக் கொடுத்து உறுதி எழுதுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நிரப்பு மண் மிக ஆழமாக இருந்தால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், அல்லது விலகிக்கொள்ளலாம். அப்படி விலகினால் முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்று விற்பனையாளரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். துளையிடுவதற்கான அனுமதியையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொண்டால், அடுத்த வாரமே ஆட்களை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
க. மகேந்திரன்
குடிசார் பொறியியலாளர்