பட்டான் கல்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் மண்டியில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காது. தருமபுரியில் புளி வியாபாரம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வருஷம் முழுக்கச் சம்பாதிப்பதை மூன்று மாதத்தில் வாங்கிப் போட்டாக வேண்டும். முற்றத்தில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உருவி, கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் முப்பத்தொரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.

முதலாளி ராஜமாணிக்கத்துக்கு ஒரே பையன். குமரேசன். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு மண்டிக்கு வந்தான். தராசு பிடிப்பான், லோடு ஏற்றுவான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கில் ஒரு வாளி, ஒரு பிரஷ், சுருட்டிய காகிதம், மைப்பொட்டலம். அரூர், ஊத்தங்கரை, பென்னாகரம் என்று ஏரிக்கரையெல்லாம் நடுகல் தேடிப் போய்விடுவான். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் மை. பொண்ணு பார்க்க வந்தவர்கள் ஒருதரம் அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, பையன் அச்சகத்தில் வேலை செய்கிறானா என்று கேட்டார்கள்.

புளி தட்டுகிற பெண்களுக்கு அவனைப் பிடிக்கும். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு வீரனோட கல்லில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், கள்ளனைக் கடித்த நாய், பேரு கோவிவன், மகேந்திரவர்மன் காலம், 1,400 வருஷம் ஆகுது என்று சொல்வான். "நாய்க்குப் பேரு எழுதி வெச்சாங்களா? எங்க வீட்டுக்காரரு என் பேரையே மறந்துட்டாரு" என்பாள் பச்சையம்மா.

முதலாளிக்கு மட்டும் பிடிக்காது. "மணி, மரத்தப் பாத்தா எத்தனை மூட்டைனு சொல்லத் தெரியணும். இவன் கல்லப் பாத்துட்டு நிக்குறான்." அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. வெயிலில் ஊர் ஊராகப் போய்க் குத்தகை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம் வாங்கிய கடன் வேறு பாக்கி. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது.

அந்தக் கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. பையன் லோடோடு சேலம் போயிருந்தான். சென்னையில் கல்வெட்டுப் படிப்பு, இரண்டு வருஷம், நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வியாழனுக்கு அடுத்த வியாழன். முதலாளி இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உள்ள வையி. சீசன் முடியட்டும்."

கல்லாப்பெட்டிக்கு அடியில், பழைய பற்று நோட்டுக்குள் வைத்தேன். வைத்தது நான்தான். அதை மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வாரம் பையன் தினமும் சாயங்காலம் "மாமா, தபால் எதுவும் வந்துச்சா?" என்று கேட்டான். நான் கொட்டைப்புளி ரேட்டைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

சனிக்கிழமை அரூர்ப் பக்கம் ஒரு ஊரில் நாற்பது மரம் குத்தகைக்கு வருகிறது என்று தகவல். பையன் வண்டி ஓட்ட, டாக்டர் பேச்சை மீறி முதலாளியும் கிளம்பினார். கணக்குக்கு நான். முதலாளி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு கிளையை உலுக்கச் சொல்லி, விழுந்த பழத்தை ஒடித்து, சதையை நாக்கில் வைப்பார். "பன்னெண்டு மூட்டை. அடுத்தது எட்டு. இது ஓடு பெருசு, சதை இல்ல, அஞ்சு." நான் எழுதிக்கொண்டே போனேன். அட்வான்ஸ் பதினைந்தாயிரம் எண்ணிக் கொடுத்தார்.

கடைசி மரத்தடியில் வேடியப்பன் கோயில். கோயில் என்றால் கூரை கிடையாது, இடுப்பளவுக் கல் ஒன்று. சுண்ணாம்பும் மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசி முகமே தெரியவில்லை. பையன் மட்டும் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். "வில்லு இருக்கு. காலடியில மாடு. மேல எழுத்து ஓடுது."

எழுத்தை மை ஒற்றிக் காகிதத்தில் படி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி மூஞ்சில மை பூசுவியா? போ தம்பி." ஒரு பெரியவர் தடியையே தூக்கிவிட்டார். பையன் வாளியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தான். எதிர்த்துப் பேசத் தெரியாது அவனுக்கு.

முதலாளி காரில் ஏறப் போனவர் நின்றார்.

"டேய், மை கல்லுல படுமா?"

"படாதுப்பா. நடுவுல காகிதம் இருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் பெரியவரிடம் போனார். மரத்துக்கு விலை பேசுகிற அதே குரல். "ஐயா, மொதல்ல தண்ணி ஊத்திக் கழுவுவான். அது அபிஷேகம். அப்புறம் ஈரக் காகிதம் போத்துவான். அது வஸ்திரம். ஒரு பொட்டு மை சாமி மேல பட்டுச்சுன்னா இந்தப் பதினஞ்சாயிரம் உங்களுக்கு. மரமும் எனக்கு வேணாம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடன் வாங்கின பணம் அது.

பையன் மெதுவாகத்தான் செய்தான். சுண்ணாம்பை நனைத்து ஊறவைத்து, தேய்த்துத் தேய்த்து எடுத்தான். நனைத்த காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்ட ஆரம்பித்தான். தட், தட், தட். எழுத்து இருக்கிற பள்ளத்துக்குள் காகிதம் இறங்க வேண்டும், ஆனால் கிழியக்கூடாது. எங்கள் முற்றத்துச் சத்தம்தான், கொஞ்சம் மெல்லிசாக. ஈரம் பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றினான். சுற்றிலும் கருப்பு ஏற ஏற, நடுவில் எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. வட்டெழுத்தாம். சாமியின் இடது தோளில் அம்பு ஒன்று குத்தியிருந்ததை அந்த ஊர்க்காரர்களே அன்றைக்குத்தான் பார்த்தார்கள். தடி தூக்கிய பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார்.

"என்னா எழுதியிருக்கு?" முதலாளிதான் கேட்டார்.

"தொறு மீட்டுப் பட்டான் கல். தொறுன்னா மாட்டு மந்தை. கொள்ளை போன மாட்ட மீட்டுட்டு வந்து செத்திருக்காரு."

"பேரு?"

"பேரு இருந்த எடம் பொரிஞ்சு போச்சுப்பா."

முதலாளி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை உரித்ததும் கல்லைச் சுற்றி வந்து, மரத்தைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். ஒரு பொட்டு மை இல்லை. பெரியவர் கற்பூரம் ஏற்றினார்.

திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. மொரப்பூர் தாண்டி டீக்கு நிறுத்தினோம். பையன் காகிதம் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். முதலாளி டீயை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மணி. அந்த லெட்டர் எங்க வெச்ச?"

"பற்று நோட்டுல."

"என்னைக்கு வரச் சொன்னான்?"

"வர்ற வியாழன்."

"அன்னைக்கு லோடு இருக்கா?"

"இருக்கு. ரெண்டு லாரி."

அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டுக் காசு கொடுக்கப் போனார்.

ராத்திரி மண்டியைத் திறந்து பற்று நோட்டை எடுத்தேன். மேலே வைத்திருந்த புளிக்கூடை கசிந்து கடிதத்தின் பாதி பழுப்பாக ஊறியிருந்தது. பையனின் பெயர் இருந்த வரி அழிந்துவிட்டது. தேதியும் நேரமும் தெளிவாக இருந்தன. ஈரத்தை ஒற்றியெடுத்துக்கொண்டு, அவன் படியைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்த முற்றத்துக்குப் போனேன்.

"தம்பி," என்றேன். "திங்கட்கிழமையே வந்துச்சு."