குடும்ப நிகர மதிப்பு அறிக்கை: 31 மார்ச் 2025 நிலவரம்

கணவர் (31), மனைவி (29), கோயம்புத்தூர். இருவரும் சம்பளக்காரர்கள், குழந்தை இல்லை. எல்லாத் தொகையும் ரூபாயில். வாங்கிய விலையை எங்கும் எடுக்கவில்லை. இன்று விற்றால் கைக்கு வருவதே சொத்து, இன்று முடித்தால் கட்ட வேண்டியதே கடன்.

சொத்துகள்

| விவரம் | மதிப்பு |
|---|---|
| சேமிப்புக் கணக்குகள், கையிருப்பு | 1,12,000 |
| எஃப்டி, சேர்ந்த வட்டியுடன் | 1,56,000 |
| மியூச்சுவல் ஃபண்ட் | 2,84,000 |
| பிஎஃப் (கணவர் 3,92,000, மனைவி 1,38,000) | 5,30,000 |
| ஆயுள் காப்பீடு, சரண்டர் மதிப்பு | 38,000 |
| தங்கம், 21 சவரன் | 13,44,000 |
| கார், ஸ்கூட்டர் | 4,95,000 |
| அடுக்குமாடி வீடு (கூட்டுப் பெயரில்) | 58,00,000 |
| மொத்தம் | 87,59,000 |

ஃபண்டுக்கு மார்ச் 28-ஆம் தேதியின் யூனிட் விலை, அதாவது என்ஏவி, எடுக்கப்பட்டது. 31 ரம்ஜான் விடுமுறை, சந்தை இல்லை. பிஎஃப் பாஸ்புக்கில் ஊழியர் பங்கும் நிறுவனப் பங்கும் மட்டுமே கூட்டப்பட்டன. பென்ஷன் பத்தியில் இருப்பது சேமிப்பு இருப்பு அல்ல. அதைச் சேர்த்தால் கணக்கு ஊதும். காப்பீட்டில் இதுவரை கட்டிய பிரீமியம் 1,02,000. பாலிசித் தொகை 5 லட்சம். இரண்டுமே இன்றைய மதிப்பு இல்லை.

தங்கத்தில்தான் பெரும்பாலான வீடுகள் ஏமாறுகின்றன. ரசீதைப் பார்த்தால் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்த தொகை தெரியும். விற்கும்போது அவை திரும்பி வராது. இங்கே எடைபோட்டதில் 176 கிராம். கல், அரக்கு, நூல் 8 கிராம் போக 168. அன்றைய கடை விலைக்குக் கீழே, கிராமுக்கு 8,000 வைத்தோம். அடகில் உள்ள 5 சவரனும் இதில் அடக்கம். நகை வங்கிப் பெட்டகத்தில் இருந்தாலும் சொத்து இவர்களுடையதே, கடன் மறுபக்கம் வரும். நகை முழுக்க மனைவிக்கு உரியது. இது அவருடைய தனிச் சொத்து என்பதைக் கணவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார்.

வீடு: அதே பிளாக்கில் ஜனவரியில் ஒரு வீடு 60 லட்சத்துக்குக் கைமாறியது. தரகு, பழுது, வெள்ளையடிப்புக்கு 2 லட்சம் கழித்தோம். பத்திரச் செலவும் மரவேலையும் செலவுதான், மதிப்பு அல்ல.

நண்பருக்குக் கொடுத்த கைமாற்று 50,000: எழுத்து இல்லை, இரண்டு வருடமாக வரவில்லை. பூஜ்யம்.

கடன்கள்

| விவரம் | மீதி |
|---|---|
| வீட்டுக் கடன் | 43,42,800 |
| கார் கடன் | 2,38,000 |
| கிரெடிட் கார்டு | 72,500 |
| நகைக்கடன், வட்டியுடன் | 2,21,025 |
| எடுத்துவிட்ட ஏலச்சீட்டு | 80,000 |
| மனைவியின் அப்பாவிடம் வாங்கியது | 3,00,000 |
| மொத்தம் | 52,54,325 |

வீட்டுக் கடன் 45 லட்சம், 8.75 சதவீதம், 20 வருடம், இஎம்ஐ 39,767. ஜூலை 2023 முதல் 21 தவணையில் கட்டியது 8,35,107; அசலில் குறைந்தது 1,57,200 மட்டுமே. மீதித் தவணை 219-ஐ இஎம்ஐயால் பெருக்கி 87 லட்சம் கடன் என்று பயப்பட வேண்டாம். வராத வட்டி இன்றைய கடன் அல்ல. வங்கி அறிக்கையின் அசல் மீதியே சரி.

கார்டில் பில் 46,500 மட்டும் இல்லை; கைபேசி இஎம்ஐ இன்னும் 5 × 5,200 = 26,000 உண்டு. மாத பில்லை மட்டும் பார்ப்பவர்கள் இதை விடுவார்கள். நகைக்கடன் 2,10,000-க்கு 9 சதவீதத்தில் ஏழு மாத வட்டி 11,025. சீட்டை எடுத்து முடித்தாயிற்று. மீதி 8 தவணை கடனே. தள்ளுபடி எவ்வளவு வரும் என்று தெரியாததால் தவணைக்கு முழு 10,000.

முன்பணத்துக்கு மாமனார் கொடுத்த 3 லட்சத்துக்கு வட்டியும் இல்லை, தேதியும் இல்லை. "அப்பா கேட்க மாட்டார்" என்பது கணக்கு அல்ல.

நிகர மதிப்பு: 87,59,000 − 52,54,325 = 35,04,675

இதில் வீட்டில் 14,57,200, நகையில் 11,22,975, பிஎஃப்பில் 5,30,000, வண்டிகளில் 2,57,000. இவை போக மிஞ்சுவது 1,37,500.

உடனே எடுக்கக்கூடியது (வங்கி, எஃப்டி, ஃபண்ட்) 5,52,000. பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியவை கார்டு, நகைக்கடன், சீட்டு: 3,73,525. மீதி 1,78,475. வீட்டு, கார் இஎம்ஐயும் குடும்பச் செலவும் சேர்ந்து மாதம் 80,000. இரண்டு சம்பளமும் நின்றால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். மாமனாருக்குப் பணம் தேவைப்பட்டால் 1,21,525 பற்றாக்குறை வரும். 35 லட்சம் இருந்தும் இவர்களின் உண்மை நிலை இதுதான்.

தீர்க்கும் வரிசை: முதலில் கார்டு, எஃப்டியை உடைத்தாவது. அடுத்து நகைக்கடன், ஆகஸ்ட் இறுதியில் புதுப்பிக்காமல் மீட்பது. பிறகு மாமனார். அடுத்த அறிக்கை 30 செப்டம்பர் 2025, இதே முறையில். தங்கத்துக்கும் அதே 8,000. இல்லையென்றால் விலை ஏறியதைச் சேமிப்பு என்று எண்ணிவிடுவோம்.